எலும்பு முறிந்த இரண்டாம் இரவு

தொடை எலும்பு முறிந்து வார்டுக்கு வருபவரின் வீட்டார் முதல் நாளில்தான் அதிகம் பயப்படுகிறார்கள். வலியில் கத்துகிறார், கால் கோணிக்கிடக்கிறது, ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். மறுநாள் வலி ஊசி போட்டு, காலை நேராக இழுத்துக் கட்டிவிட்டால் நோயாளி பேசுகிறார், காப்பி கேட்கிறார். உடன் இருப்பவர்கள் மூச்சு விடுகிறார்கள். எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருக்கும் எனக்கோ அந்த இரண்டாம் நாள் மாலையும் இரவும்தான் கவலை. முறிந்த எலும்பின் உள்ளிருந்து கசியும் கொழுப்பு நுரையீரலையும் மூளையையும் தாக்குவது பெரும்பாலும் அப்போதுதான். அடிபட்ட 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அது தலைகாட்டும். அபூர்வமாகச் சிலருக்கு 12 மணி நேரத்திலேயே வந்துவிடும்.

மருத்துவர்கள் இதை ஃபேட் எம்பாலிசம் சின்ட்ரோம் என்பார்கள். கொழுப்புத் துகள் அடைப்பு என்று நான் வீட்டாருக்குச் சொல்வேன். குமரி மாவட்டத்தில் இதைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டிய குடும்பங்கள் நிறைய. நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் இடையே பைக் விபத்து நடக்காத வாரம் கிடையாது. தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் மலையோரச் சாலைகளில் ரப்பர் தோட்டத்துக்குப் போகும் இளைஞர்கள் வழுக்கி விழுகிறார்கள். இந்த அடைப்பு அதிகம் வருவதும் இளம் வயது ஆண்களுக்குத்தான். தொடை எலும்பும் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பும் முறியும் விபத்துகளில் மாட்டுகிறவர்கள் அவர்களே. முறிவு மூடியதாக இருந்து, அதாவது தோல் கிழியாமல் உள்ளேயே முறிந்து, சரியாகக் கட்டப்படாமல் நேரம் போனால் ஆபத்து கூடுகிறது. இரண்டு தொடைகளும் முறிந்தவருக்கு ஒன்று முறிந்தவரைவிடப் பல மடங்கு கூடுதல்.

நான் பார்த்த ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். வயது 23, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, மழையில், குலசேகரம் பக்கம் பைக் சறுக்கி வலது தொடை எலும்பு நடுவிலும், இடது முழங்காலுக்குக் கீழே முன்கால் எலும்பும் முறிந்தன. தலையில் அடி இல்லை. நண்பர்கள் அவரைத் தூக்கி ஒரு வண்டியின் பின்பக்கத்தில் கிடத்தி முதலில் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு வைத்தியரிடம். அந்த முதியவர் வீங்கிய தொடையைப் பார்த்ததும் கை வைக்காமல், “இது என் கைக்கு அடங்காது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். முறிந்த தொடையை இழுத்துத் தடவி எண்ணெய் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

அன்றிரவு ஒரு சிறிய மருத்துவமனையில் படம் எடுத்து, வலி ஊசி போட்டு, முன்காலுக்கு மட்டும் மாவுக்கட்டு போட்டார்கள். தொடைக்குத் தலையணை முட்டுக் கொடுத்ததோடு சரி. வளைகுடாவில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டு எங்கே அறுவை சிகிச்சை செய்வது என்று முடிவெடுக்கலாம் என்று குடும்பம் காத்திருந்தது. எங்களிடம் வந்தது ஞாயிறு நண்பகல். அதற்குள் அடிபட்டுப் பதினெட்டு மணி நேரம். அந்த நேரமெல்லாம் முறிந்த இரண்டு முனைகளும் ஒவ்வொரு அசைவிலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

அந்த உரசலில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால்தான் மற்றவை புரியும். பெரியவர்களின் நீண்ட எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. எலும்பு முறிந்ததும் உள்ளே ரத்தம் கட்டி அழுத்தம் ஏறுகிறது. மஜ்ஜைக்குள் ஓடும் மெல்லிய சிரைகள் எலும்போடு ஒட்டியிருப்பதால் மற்ற இடத்து நாளங்களைப்போல அறுந்ததும் சுருங்கி மூடிக்கொள்வதில்லை, வாய் திறந்தே நிற்கின்றன. அழுத்தத்தில் பிதுங்கும் கொழுப்புத் துளிகள் அந்த வழியே ரத்தத்தில் கலந்து இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலின் நுண்ணிய நாளங்களில் சிக்குகின்றன. சில துளிகள் நுரையீரலையும் தாண்டி மூளைக்கும் தோலுக்கும் போகின்றன. இதோடு முடிந்துவிடுவதில்லை. சிக்கிய கொழுப்பை உடல் உடைக்கும்போது வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் நுரையீரலின் மெல்லிய சுவரைப் புண்ணாக்கி நீர் கோக்கவைக்கின்றன. இந்த இரண்டாவது சேதத்துக்கு நேரம் பிடிக்கும். அடிபட்டவர் ஒரு நாள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு மோசமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீண்ட எலும்பு முறிந்த கிட்டத்தட்ட எல்லோருடைய ரத்தத்திலும் கொஞ்சம் கொழுப்பு போகத்தான் செய்கிறது. நோயாக மாறுவது மிகச் சிலருக்கே. ஒரு தொடை மட்டும் முறிந்தவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால் சிறுநீரில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. நோய் இல்லாதவருக்கும் அது இருக்கலாம், நோய் முற்றியவருக்கும் இல்லாமல் போகலாம். படுக்கையருகே நின்று ஆளைப் பார்ப்பதுதான் இங்கே பெரிய சோதனை.

வந்தவுடன் எங்கள் மருத்துவர் அவருக்குத் தாமஸ் ஸ்பிளிண்ட் போட்டு தொடையை இழுத்துக் கட்டினார். அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்து எலும்புக்குள் உலோக ராடு வைத்துவிட அவருக்கு ஆசை. ரத்தம் ஏற்பாடாகவில்லை, அதனால் திங்கள் காலை என்று முடிவானது. நண்பகலில் நாடித்துடிப்பு 96, மூச்சு நிமிடத்துக்கு 18, விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு 98. மாலை நான்கு மணிக்கு 97. இரவு எட்டு மணிக்கு 95, நாடி 108. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் பயமுறுத்தாது. 95 என்றால் பலரும் சரி என்று குறித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இருமல் சளி எதுவும் இல்லாத 23 வயதுக்காரருக்கு, ஆக்சிஜன் வைக்காத நிலையில், எட்டு மணி நேரத்தில் 98 என்பது 95 ஆக இறங்குவதைச் சாதாரணமாக விட முடியாது. இதனால்தான் எங்கள் வார்டில் தொடை முறிந்தவர்களுக்கு அளவைக் குறிக்கும்போது எண்ணோடு நேரத்தையும், ஆக்சிஜன் வைத்தா வைக்காமலா என்பதையும் எழுதுகிறோம். ஆக்சிஜன் முகமூடி போட்டிருப்பவரின் 97 எதையும் சொல்லாது. நுரையீரல் பாதி கெட்ட பிறகும் முகமூடி அந்த எண்ணைத் தாங்கிப் பிடித்திருக்கும். வீட்டார் தாங்களாக முகமூடியைக் கழற்றிப் பார்க்கவே கூடாது. ஆனால், “ஆக்சிஜன் இல்லாமல் எவ்வளவு இருந்தது?” என்று கேட்கலாம்.

எட்டு மணி அளவைப் பார்த்ததும் பணி மருத்துவரிடம் சொல்லி, அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். பதினொரு மணிக்கு 91. நாடி 122, மூச்சு 30, காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ். அப்போதுதான் அவர் எழுந்து உட்கார முயன்றார். தலைவிளக்கு எங்கே, கத்தி எங்கே, நேரமாகிவிட்டது என்றார். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிற பழக்கம். அவர் அம்மா அவருடைய நெஞ்சைத் தடவி, “படுத்துக்கொள் மக்களே, இன்றைக்கு வெட்டு இல்லை” என்றார். என்னைப் பார்த்து, “கனவு காண்கிறான் சிஸ்டர்” என்றார். கனவு காண்கிறவரைக் கூப்பிட்டால் விழித்துத் தெளிவார். இவர் விழித்துக்கொண்டே இருந்தார், ஆனால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் கூட இருந்த உறவினர் ஒருவர், “தண்ணி கிடைக்காததால் இப்படி இருக்கும்” என்றார். இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்த நோயைத் தவறவிட வைக்கும் வார்த்தை இது. குடியை நிறுத்தியதால் வரும் உளறலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வரும். நாடியும் ஏறும், காய்ச்சலும் இருக்கும். ஆனால் அதில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள். அந்த உளறல் மட்டும் இருந்தால் ஆக்சிஜன் அளவு தானாக 91-க்கு இறங்காது. குடிப்பழக்கம் என்று முடிவு செய்து மயக்க ஊசி போட்டுவிட்டால், ஏற்கெனவே தடுமாறும் மூச்சை இன்னும் அடக்கிவிடுவோம். அம்மாவைத் தனியே அழைத்துக் கேட்டேன். திருவிழாவுக்குக் குடிப்பான், தினமும் இல்லை என்றார். அவருடைய கையை நீட்டச் சொன்னேன், நடுக்கம் இல்லை. இதையெல்லாம் அப்படியே மருத்துவரிடம் சொன்னேன்.

மருத்துவர் ஆக்சிஜன் வைப்பதற்கு முன் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தார். ஆக்சிஜன் அழுத்தம் 54. அறுபதுக்குக் கீழே போனால் நுரையீரல் தோற்கிறது என்று பொருள். நெஞ்சு எக்ஸ்ரே நள்ளிரவில் ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. இதைக் கண்டு ஏமாறக் கூடாது. முதல் படத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பது இந்த நோயில் சாதாரணம். மறுநாள் காலைப் படத்தில் இரு பக்கமும் பஞ்சு தூவியதுபோல் வெண்திட்டுகள். தலையில் ரத்தக்கசிவு இல்லை என்பதை உறுதிசெய்ய சிடி ஸ்கேன் எடுத்தார்கள், அது இயல்பாக இருந்தது. உளறலுக்கு இது பதிலாகாது என்று மருத்துவர் சொன்னார். கொழுப்பு அடைத்த மூளையின் மாற்றம் சிடியில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐயில்தான் சிறுசிறு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். மூச்சுத்திணறும் ஒருவரை அந்தக் குகைக்குள் நீண்ட நேரம் படுக்கவைப்பது ஆபத்து என்பதால் அன்று எடுக்கவில்லை.

திங்கள் நண்பகலில் புள்ளிகள் வந்தன. கொழுப்பு அடைப்பு என்றால் தோலில் சிவந்த நுண்புள்ளிகள் வரும் என்று பாடத்தில் படிப்போம். மார்பின் மேல்பகுதி, கழுத்து, அக்குள் ஆகிய இடங்களில் வரும். கொழுப்பு கனம் குறைந்தது, படுத்திருப்பவரின் ரத்தத்தில் மேல்பக்கமாக மிதந்து போகிறது என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். நம் ஊர்த் தோல் நிறத்தில் அந்தப் புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். வெயிலிலும் மழையிலும் வேலை செய்கிறவரின் கருத்த மார்பில் அவை எளிதில் தெரியாது. நான் செய்வது இது: கீழ் இமையை விரலால் மெல்லக் கீழிழுத்து, உள்ளே இருக்கும் சிவந்த சதையைக் கைவிளக்கில் பார்ப்பது. அடுத்து வாயைத் திறக்கச் சொல்லி மேல் அண்ணம். பிறகு கையைத் தூக்கி அக்குள், அங்கே தோல் சற்று வெளிறியிருக்கும். அவருக்கு இரண்டு கீழ் இமைகளிலும் ஊசி குத்தியதுபோல் ஐந்தாறு புள்ளிகள். விரலால் அழுத்தினால் மறையாது, தட்டையாக இருக்கும். மருந்து ஒவ்வாமையில் வரும் தடிப்பு இப்படி இருக்காது, அது அரிக்கும், புடைக்கும். இந்தப் புள்ளிகள் எல்லோருக்கும் வருவதில்லை. பலருக்கு வராமலே போகலாம், வந்தாலும் சில நாளில் மறைந்துவிடும். புள்ளி இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

கர்ட், வில்சன் என்ற இருவர் 1974-இல் எழுதிவைத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். மூச்சுக் கோளாறு, தலைக்காயம் இல்லாத உளறல், நுண்புள்ளிகள் என்ற மூன்றும் அதில் பெரிய அடையாளங்கள். நாடி ஏறுவது, காய்ச்சல், ரத்தத் தட்டணுக்களும் ஹீமோகுளோபினும் காரணமின்றிக் குறைவது போன்றவை துணை அடையாளங்கள். இவருக்கு மூன்றும் வந்துவிட்டன. ரத்தத் தட்டணுக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது தொண்ணூற்றைந்தாயிரமாகிவிட்டது. ஆனால் மூன்றும் சேரும்வரை காத்திருந்து சிகிச்சையைத் தொடங்கியிருந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வீணாகியிருக்கும். ஆக்சிஜன் இறங்குவதுதான் பெரும்பாலும் முதலில் வரும்.

அடைத்த கொழுப்பைக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை என்று வீட்டாரிடம் சொல்வது எனக்கு எப்போதும் கடினமாக இருக்கும். ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெப்பாரினால் இந்த நோயில் பயன் இருப்பதாக நிரூபணம் இல்லை. ஸ்டீராய்டு பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வருமுன் கொடுத்தால் பயன் இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கம் வரவில்லை. வந்த பிறகு செய்யக்கூடியது, நுரையீரல் தானாக ஆறும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பது. ஆக்சிஜன், ரத்த அழுத்தம் குறையாத அளவுக்குத் திரவம், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசம். திங்கள் இரவு முகமூடியிலும் அளவு 84-க்கு இறங்கியதால் அவருக்குக் குழாய் வைத்து வென்டிலேட்டரில் போட்டார்கள். நான்கு நாளில் குழாய் எடுக்கப்பட்டது. மூச்சு சரியான பிறகும் பேச்சில் தெளிவு வர மேலும் சில நாள் ஆனது. “இனி இப்படியேதான் இருப்பானா?” என்று அம்மா தினமும் கேட்டார். பிழைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூளை முழுமையாகத் தெளிந்துவிடும் என்று சொல்ல முடிந்தது எனக்கு ஆறுதல். அவர் தெளிந்தார்.

இனி, வராமல் தடுப்பது. இந்த நோயில் நம் கையில் உண்மையாக இருப்பது இதுதான், அதுவும் முதல் ஒரு மணி நேரத்தில். முறிந்த எலும்பை அசையாமல் செய்துவிட்டால் உள்ளே பிதுங்கும் கொழுப்பும் குறையும், கசியும் ரத்தமும் குறையும். ஒரு தொடைக்குள் மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் வெளியே தெரியாமல் தேங்க முடியும். ரத்த அழுத்தம் விழுந்தவருக்குக் கொழுப்பு அடைப்பும் மோசமாகத் தாக்கும்.

விபத்து நடந்த இடத்தில் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, அடிபட்டவரைத் தூக்கி ஓடாமல் தரையிலேயே கிடத்துங்கள். ஆம்புலன்ஸில் ஸ்பிளிண்ட் இருக்கும். அது வரத் தாமதமானால் முன்காலுக்குக் கமுகுப் பாளை நல்லது. நம் மாவட்டத்தில் எந்தத் தோப்பிலும் கிடைக்கும், காலின் வளைவுக்கு ஏற்ப மடியும். உள்ளே துணி வைத்து முழங்காலும் கணுக்காலும் உள்ளடங்கும்படி கட்டவேண்டும். முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாமல் இருந்தால்தான் கட்டுக்கு அர்த்தம். தொடைக்குப் பாளை போதாது, நீளமான பலகை வேண்டும். அக்குளிலிருந்து குதிகால்வரை வெளிப்பக்கமாக வைத்து, மார்பு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் கட்டவேண்டும். பலகை இல்லையென்றால் கால்களுக்கு நடுவே மடித்த போர்வையை வைத்து, நல்ல காலோடு சேர்த்துக் கட்டலாம். முறிந்த இடத்தின் மேலேயே கட்டு வரக் கூடாது. கட்டிய பிறகு கால்விரல் நீலம் பாய்கிறதா, மரத்துப்போகிறதா என்று பார்த்துத் தளர்த்தவேண்டும். வளைந்து நிற்கும் காலை இழுத்து நேராக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஆட்டோவில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்துக் கொண்டுவருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பயணத்தில் ஒவ்வொரு வேகத்தடையும் மஜ்ஜையைப் பிழிகிறது.

அடுத்தது அறுவை சிகிச்சையின் நேரம். உடல்நிலை சீராக இருப்பவருக்கு 24 மணி நேரத்துக்குள் தொடை எலும்பை நிலைநிறுத்தினால் நுரையீரல் சிக்கல்கள் குறைவாக இருந்ததை 1989-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. முன்பு தள்ளிப்போட்ட இந்த அறுவை சிகிச்சையை விரைவாகச் செய்யும் வழக்கத்துக்கு அது வலுச் சேர்த்தது. ஆகவே மருத்துவர் இன்றே செய்யலாம் என்றால், நல்ல நாள் பார்க்கவும் வெளிநாட்டிலிருந்து ஆள் வரவும் நேரம் கடத்த வேண்டாம். ரத்தம் கொடுப்பவர்களையும் காப்பீட்டு அட்டையையும் ஏற்பாடு செய்யும் வேலையை அடிபட்ட அன்றே பிரித்துக்கொடுங்கள். மாறாக, ஏற்கெனவே மூச்சு மோசமாக இருந்தால் உடனே ராடு போடுவது தவறாகிவிடும். ராடுக்காக எலும்பின் உட்குழியைக் குடையும்போது உள்ளழுத்தம் ஏறி இன்னும் கொழுப்பு ரத்தத்தில் தள்ளப்படும். அதனால்தான் எங்கள் பையனுக்குத் தொடைக்கு வெளியே கம்பிச் சட்டம் போட்டு எலும்பை நிறுத்திவைத்தார்கள். நுரையீரல் தெளிந்த பிறகு, பத்து நாளுக்குப் பின் சட்டத்தை எடுத்துவிட்டு ராடு போட்டார்கள். “ஏன் இரண்டு ஆபரேஷன், இரட்டைச் செலவு?” என்று அந்தச் சித்தப்பா தொலைபேசியில் கேட்டார். காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார்.

ராடு போட்ட நாளிலிருந்து கடிகாரம் மறுபடி தொடங்குகிறது என்பதை வீட்டாரிடம் நான் தனியாகச் சொல்வேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆபத்து தீர்ந்தது என்று அன்றிரவு எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அந்தக் குடைச்சலால் கொழுப்பு போயிருந்தால் அறிகுறி அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் தெரியும். துணைக்கு இருப்பவர் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை எழுப்பி, இது எந்த இடம், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். மருதாணி, நகப்பூச்சு இருந்தாலோ விரல் குளிர்ந்திருந்தாலோ கருவி தவறாகக் காட்டலாம், வேறு விரலில் மாட்டச் சொல்லுங்கள். அளவு 94-க்குக் கீழே போனாலோ, புதிதாகக் குழப்பமாகப் பேசினாலோ, நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ செவிலியரை உடனே கூப்பிடுங்கள். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று விடியும்வரை பொறுக்க வேண்டாம். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் அடிபட்ட தேதியையும் மணியையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். “எப்போது அடிபட்டது?” என்று நாங்கள் கேட்கும்போது “நேற்று” என்ற பதில் போதாது. நேற்று காலை என்பதற்கும் நேற்று இரவு என்பதற்கும் நடுவே இருக்கும் மணி நேரங்களை வைத்துத்தான் அன்றிரவு யார் படுக்கையருகே நிற்க வேண்டும் என்று நாங்கள் தீர்மானிக்கிறோம்.